அளவைக் குறைத்து மீளக் கட்டிய ஒரு பங்குக் கணக்கு: திருகோணமலை நிகழ்வு ஆய்வு

இது 2021 இறுதிக்கும் 2023 இறுதிக்கும் இடையில் திருகோணமலையில் ஒரு சிறு முதலீட்டாளருக்கு நடந்தது. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயர், வேலை செய்யும் கடை, வாங்கிய பங்குகள், புரோக்கர் நிறுவனம் எதையும் சொல்லவில்லை. ரூபாக் கணக்குகளை ஓரளவு முழு எண்ணாக்கியிருக்கிறேன். நான் அவருக்குப் பங்குச் சந்தைக் கணக்குப் பார்க்கப் பழக்கியவன். கணக்கு சரிந்த பிறகு அவருக்கு எழுதிய கடிதம்தான் இந்த ஆய்வின் நடுப்பகுதி.

பின்னணி

அவர் முப்பது வயதுக்குட்பட்டவர், மணமானவர், சாம்பல்தீவுப் பக்கம் குடியிருக்கிறார். நகரில் மீன்பிடி வலையும் படகு எஞ்சின் உதிரிப்பாகங்களும் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறார். கூட்டல் கழித்தலில் பிசகாதவர். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அவருக்கு நேர்ந்தது கணக்குத் தெரியாமல் நேர்ந்ததல்ல.

2021 ஒக்டோபரில் சீட்டுக் காசும் சேமிப்புமாக 300,000 ரூபாவைக் கொண்டு கணக்கைத் தொடங்கினார். அந்த நாட்களில் கொழும்புப் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே இருந்தது. வங்கி வட்டி குறைவு, வாகன இறக்குமதிக்குத் தடை, காசு போக வேறு இடமில்லை. எங்கள் ஊரில் தேத்தண்ணிக் கடையில்கூடப் பங்கு விலை பேசினார்கள். புரோக்கர் கடன் தருவதாகச் சொன்னதும் 200,000 ரூபா எடுத்து, மொத்தம் 500,000 ரூபாவுக்கு இரண்டு பங்குகளை வாங்கினார். இரண்டும் நல்ல நிறுவனங்கள்தான். நானே விலைப்பட்டியலில் அவற்றைக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

2022 ஜனவரி நடுப்பகுதியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 புள்ளிகளைத் தாண்டியது. அவருடைய பங்குகளின் பெறுமதி 640,000 ஆனது. கடனைக் கழித்தால் சொந்தக் காசு 440,000. மூன்று மாதத்தில் 140,000 ரூபா இலாபம், அதாவது கடையில் பல மாதச் சம்பளம். சொந்தக் காசு கூடியதால் கடன் எல்லையும் கூடியது. இன்னொரு 200,000 ரூபா எடுத்து அதே இரண்டு பங்குகளையும் உச்ச விலையில் வாங்கினார். இப்போது பங்குகள் 840,000, கடன் 400,000.

சரிவு

இதற்குப் பிறகு நாட்டுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் மாதத்தில் ரூபா மிதக்க விடப்பட்டது. மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. 12 அன்று வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது. பங்கு விலைகள் ஜனவரியிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தன.

மார்ச் நடுவில் அவருடைய பங்குகள் 620,000 ரூபாவுக்கு வந்திருந்தன. வட்டியோடு கடன் 410,000. அவருடைய ஒப்பந்தப்படி கடன், பங்குப் பெறுமதியின் 60 வீதத்தைத் தாண்டக்கூடாது. அது 66 வீதமாகியிருந்தது. புரோக்கர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது: காசு போடுங்கள், இல்லாவிட்டால் விற்போம். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபா போட்டார். அப்போது எனக்கு இதைச் சொல்லவில்லை. அதே வாரம் என்னோடு கதைத்தபோது “சமாளிச்சிட்டன் சேர்” என்றார், அவ்வளவுதான்.

அந்த 60,000 ரூபா வாங்கித் தந்தது ஏறத்தாழ ஆறு வாரம். புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையே மூடிக் கிடந்தது. விற்க நினைத்தாலும் விற்க முடியாது, வட்டி மட்டும் ஓடும். 25ஆம் திகதி திறந்ததும் சுட்டெண் விழுந்த வேகத்தில் அன்றைய வியாபாரத்தை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வாரமே புரோக்கர் நிறுவனம் அவருடைய பங்குகள் எல்லாவற்றையும் விற்றது. கிடைத்தது 432,000. விற்பனைக் கட்டணம் போக 427,000. வட்டியோடு மீதிக் கடன் 358,000. கையில் எஞ்சியது 69,000.

போட்டது 300,000 ரூபாவும் சங்கிலிக் காசு 60,000 ரூபாவும். நூற்றுக்கு 80 போய்விட்டது.

கவனித்தவை

மே மாதம் முழுவதும் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகலாமென்றால் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்ததால் கடையில் வியாபாரமும் விழுந்து, சம்பளத்தையும் குறைத்துவிட்டார்கள் என்று அங்கு வேலை செய்யும் இன்னொரு பையன் சொன்னான். அப்புறம் ஜூன் தொடக்கத்தில் அவரிடமிருந்தே ஒரு செய்தி வந்தது. கவலையோடு வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு திட்டம்.

திட்டம் இதுதான். ரூபாவின் பெறுமதி விழுந்ததால் தங்கத்தின் விலை கூடியிருந்தது. அதனால் அதே சங்கிலியைத் திருப்பி மறுபடி வைத்தால் இன்னும் 50,000 ரூபாவுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். அதையும் எஞ்சிய 69,000 ரூபாவையும் சேர்த்து இரண்டு ரூபா விலையிலிருக்கும் பங்கொன்றை மொத்தமாக வாங்குவது. “ரெண்டு ரூபா பங்கு நாலு ரூபா ஆக எவ்வளவு நேரம் சேர்? அறுபது ரூபா பங்கு நூற்றிருபது ஆகிறது கஷ்டம்.”

இதில் நான் பார்த்தவை இரண்டு. தான் தெரிவு செய்த பங்குகள் பிழை என்று அவர் நம்பினார். அதனால் வேறு பங்கு எடுத்தால் சரியாகும் என்று எண்ணினார். மற்றது, 360,000 என்ற எண் அவர் மனதில் கோடாக விழுந்திருந்தது. 69,000 ரூபாவை 360,000 ஆக்க ஐந்து மடங்குக்கு மேல் பெருக வேண்டும். அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் எந்த நிதானமான வழியும் போதாது. பெரிய அளவில் வாங்கினால் மட்டுமே கணக்கு ஒத்துவரும். ஆகவே ஒரு தடவையில் எவ்வளவுக்கு வாங்குவது என்ற அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கோட்டை அழிக்க வேண்டியிருந்தது.

தொலைபேசியில் சொன்னால் இடையில் புகுந்து பதில் சொல்வார். எழுதினால் கணக்குப் போட்டுப் பார்ப்பார், அது அவருடைய சுபாவம். எழுதி, அந்தக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

கடிதம்

வீட்டு விசாரிப்புகளை விட்டுவிட்டு முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்.

“தம்பி, உங்கள் பங்குகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஜனவரியிலிருந்து சுட்டெண் 40 வீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது. உங்கள் பங்குகள் அதைவிடக் கொஞ்சம் கூட விழுந்தன. அது பெரிய பிழையல்ல. ஆனால் நீங்கள் இழந்தது 80 வீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். ஒக்டோபரில் கடன் எடுக்காமல் 300,000 ரூபாவுக்கு அதே இரண்டு பங்குகளை வாங்கியிருந்தால் ஜனவரியில் 384,000 ஆகியிருக்கும். ஏப்ரலில் 197,000. மூன்றில் ஒரு பங்கு நட்டம். வலிக்கும், ஆனால் யாரும் உங்களை விற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கிலியும் கழுத்தில் இருந்திருக்கும். ஜனவரியில் உங்கள் சொந்தக் காசு 440,000, பங்குகள் 840,000. விலை பத்து வீதம் இறங்கினால் உங்கள் காசில் 19 வீதம் போகும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அளவுதான் உங்களை விழுத்தியது, பங்கு அல்ல. ஆகவே பங்கை மாற்றி அளவை அப்படியே வைத்திருப்பது மருந்தை விட்டுப் போத்தலை மாற்றுவது போல.

இனி அந்த 69,000. அதில் 45,000 ரூபாவை எடுத்து அடகுக் கடையில் கட்டுங்கள். முழுவதும் அடைபடாது, ஆனால் வட்டி ஓடும் முதல் குறையும். மிச்சத்தைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள். இன்றைய வட்டியில் அடகுக் கடனை அடைப்பது நிச்சயமான வருமானம், எந்தப் பங்கும் உங்களுக்கு அந்த நிச்சயத்தைத் தராது. சங்கிலிக்குக் கூடுதல் காசு தருகிறார்கள் என்பது சங்கிலியின் மதிப்பு கூடியதால். உங்கள் கட்டும் சக்தி கூடியதால் அல்ல. அது குறைந்திருக்கிறது. இதை வீட்டில் மனைவியிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எஞ்சுவது 24,000. இதுதான் இனி உங்கள் கணக்கு. 360,000 என்பது வேறொரு கணக்கு, அது மூடப்பட்டுவிட்டது. அதைத் திரும்பப் பிடிப்பது இந்த 24,000 ரூபாவின் வேலையல்ல. புரோக்கருக்குக் கடன் வசதியை நிறுத்தும்படி எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம்.

இப்போது அளவு. ஒரு தடவை பிழையாகிப் போனால் கணக்கில் நூற்றில் ஒன்று மட்டும் போக வேண்டும். 24,000 ரூபாவில் அது 240. வாங்குவதற்கு முன்னமே, எந்த விலையில் நான் பிழை என்று ஒத்துக்கொள்வேன் என்பதை எழுதுங்கள். 40 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள், 36 ரூபாவில் வெளியேறுவீர்கள் என்று வைப்போம். நட்டம் 4 ரூபா என்பீர்கள். இல்லை. வாங்கும்போது கட்டணம் 1.12 வீதம், அது 45 சதம். 36 ரூபாவில் விற்கும்போது இன்னொரு 40 சதம். ஆக ஒரு பங்கில் நட்டம் 4 ரூபா 85 சதம். 240 ரூபாவை 4.85 ஆல் பிரியுங்கள். 49 பங்கு. அதற்குச் செலவாவது இரண்டாயிரம் ரூபாவுக்குள்.

சிரிப்பீர்கள் என்று தெரியும். 49 பங்கா என்று. சரி, இப்படிப் பாருங்கள். தொடர்ந்து பத்துத் தடவை பிழையாகிப் போகிறது என்று வையுங்கள். அது நடக்கக்கூடியதுதான். ஒவ்வொரு தடவையும் ஒரு வீதம் போனால் பத்தின் முடிவில் 24,000 ரூபாவில் சுமார் 21,700 இருக்கும். ஒவ்வொரு தடவையும் பத்து வீதம் போனால் 8,400 ரூபாவுக்குள் வந்துவிடும். முதலாவது ஆளுக்குப் பதினோராவது தடவை இருக்கிறது.

இரண்டு ரூபா பங்கு பற்றி. நமது சந்தையில் இந்த மாதிரி விலையிலுள்ள பங்குகள் பத்துப் பத்துச் சதமாகத்தான் நகரும். 60 ரூபா பங்குக்குப் பத்துச் சதம் ஒன்றுமில்லை. 2 ரூபா பங்குக்கு அது 5 வீதம். நீங்கள் 2.00க்கு வாங்கும் அந்த நிமிடத்தில் வாங்க ஆள் நிற்பது 1.90இல். மனம் மாறி உடனே விற்றால் ஐந்து வீதமும் இரண்டு பக்கக் கட்டணமும் சேர்ந்து ஏழு வீதம் போய்விடும், விலை இறங்காமலே. இரண்டு படி இறங்கினால் பத்து வீதம். அங்கே வெளியேறும் விலை என்று ஒன்றை நுணுக்கமாக வைக்கவே முடியாது. நாலு ரூபாவாகும் என்கிறீர்கள். அது இருபது படி ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் உங்களைப் போல வாங்கியவர்கள் விற்கக் காத்து நிற்பார்கள். கணக்கு ஒழுங்காகும் வரை 20 ரூபாவுக்குக் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம்.

அளவைக் கூட்டுவது எப்போது என்று கேட்பீர்கள். இலாபம் வந்தவுடன் அல்ல. 20 கொடுக்கல் வாங்கலுக்கு, வாங்குவதற்கு முன் எழுதிய வெளியேறும் விலையை மாற்றாமல் நடந்திருந்தால் கதைப்போம். நட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. கொப்பியைக் கொண்டு வாருங்கள், திரையைக் காட்ட வேண்டாம்.”

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

கடிதத்தில் சில தெரிவுகள் விளக்கம் கேட்கும்.

அடகை முழுவதும் அடைத்துக் கணக்கையே மூடச் சொல்லியிருக்கலாம். கணக்கியல்படி அதுதான் சரி, இன்றும் அப்படிச் சொல்பவரோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் இந்த ஆளைத் தெரியும். முழுவதும் மூடினால் ஆறு மாதத்தில் வேறு யாரிடமோ கைமாற்று வாங்கி, அதே பழைய அளவில் திரும்ப வருவார் என்பது என் கணிப்பு. வீட்டைத் தொடாத ஒரு தொகையில் ஒழுங்கைப் பழகுவது மேல் என்று நினைத்தேன்.

நூற்றில் ஒன்று என்பதைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், பலர் சொல்லும் இரண்டு வீதத்தை வைத்தால் அவருடைய கணக்கில் ஒரு தடவைக்கு 480 ரூபா வரும். நட்டமான மாதத்தில் அவருடைய குறைந்த சம்பளத்தில் அது உறுத்தும். 240 உறுத்தாது. உறுத்தாத அளவில்தான் ஒருவர் எழுதிய விலையில் விற்பார்.

கட்டணத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்ததில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். கொழும்பில் சாதாரணத் தொகைகளுக்குப் புரோக்கர், சந்தை, பங்குகளைப் பதிந்து வைக்கும் வைப்பகம், சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழு, அரசாங்க அறவீடு எல்லாம் சேர்த்து வாங்க 1.12, விற்க 1.12 வீதம். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து அளவு போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே அது அற்பம். இங்கே 40 ரூபாவுக்கு வாங்கியதை 41 ரூபாவுக்கு விற்றால்தான் முதலே திரும்புகிறது. அவருடைய புரோக்கரிடம் ஒரு கொடுக்கல் வாங்கலுக்கான குறைந்தபட்சக் கட்டணம் இருக்கவில்லை. அப்படியொன்று இருந்தால் இரண்டாயிரம் ரூபா அளவில் வாங்குவது பொருந்தாது. இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர் முதலில் அதைத்தான் கேட்டறிய வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

கடிதம் போய் ஒரு வாரத்துக்குள் 45,000 ரூபாவை அடகுக் கடையில் கட்டினார். கடன் வசதியை நிறுத்தும் கடிதத்தின் பிரதியையும் காட்டினார். மீதி அடகு அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ந்து சங்கிலி வீட்டுக்கு வந்தது.

ஜூலையில் சிறிய அளவில் வாங்கத் தொடங்கினார். கொப்பியில் ஆறு நிரல்: திகதி, வாங்கிய விலை, வெளியேறும் விலை, பங்குகள், விற்ற விலை, கட்டணம் கழித்த மிச்சம். அவர் வேலைக்குப் போகிறவர். சந்தை நடக்கும் காலை 9.30 முதல் 2.30 வரை கடையில் இருப்பார். அதனால் பகலில் பார்ப்பதில்லை என்றும், நாள் முடிவு விலை வெளியேறும் விலைக்குக் கீழே போயிருந்தால் மறுநாள் காலையில் விற்பது என்றும் வைத்துக்கொண்டார். இதனால் சில தடவை 240 ரூபாவைத் தாண்டி 270, 290 என்று போனது. தாங்கக்கூடியதுதான்.

சிக்கல் ஓகஸ்டில் வந்தது, அதுவும் சந்தை ஏறியதால் வந்தது. ஜூலையில் அடியில் கிடந்த சுட்டெண் செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் நல்ல உயரத்துக்குப் போனது. 32 பங்கு, 45 பங்கு என்று வைத்திருந்தவருக்கு அது தாங்கவில்லை. 62 ரூபா விலையில் ஒரு பங்கு வாங்கினார். வெளியேறும் விலை 56. முறைப்படி கணக்குப் போட்டால் 32 பங்கு. அவர் எடுத்தது 120. அது 71 ரூபாவுக்குப் போனது, விற்றார், கட்டணம் போக 900 ரூபா இலாபம். கொப்பியில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

கொப்பியைப் பார்த்து நான் சொன்னது: “இந்த வரிதான் இந்தக் கொப்பியிலேயே ஆபத்தான வரி.” 240 ரூபா இலாபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் 900 வந்தது. அதனால் அடுத்த தடவைக்கும் அளவு இதுதான் என்று கை பழகிவிடும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இலாபத்தையும் பிழை எண்டு சொன்னால் என்ன செய்யிறது சேர்” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மேலும் வற்புறுத்தவில்லை.

அடுத்தது 70 ரூபாவில் 110 பங்கு. இந்தத் தடவை வெளியேறும் விலை நிரல் வெறுமையாக இருந்தது. விலை இறங்கத் தொடங்கியபோது திரும்பும் என்று காத்திருந்தார். ஒக்டோபரில் 60 ரூபாவில் விற்றார். நட்டம் 1,260 ரூபா, கணக்கில் ஐந்து வீதத்துக்கு மேல். முந்தின இலாபமும் போய், அதற்கு மேலும் போனது. தொகையாகப் பார்த்தால் பெரிய நட்டமில்லை. ஒரு நாள் கூலி கூட இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஜனவரியில் 840,000 ரூபாவோடு நடந்த அதே வரிசை இங்கே 7,700 ரூபாவில் நடந்தது: ஏற்றத்தில் இலாபம், அந்தத் துணிவில் பெரிய அளவு, இறக்கத்தில் காத்திருப்பு. இந்தத் தடவை அதற்கு அவர் கொடுத்த விலை 1,260. இதை நான் சொல்லவில்லை. அவரே கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்தார்.

அதன்பிறகு அளவு பிசகவில்லை. 20 கொடுக்கல் வாங்கல் என்ற எண்ணிக்கையை ஒக்டோபரிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். சம்பளம் சரியானதும் 2023 ஜனவரி முதல் மாதம் 2,500 ரூபா சேர்த்தார்.

2023 டிசம்பரில் இருந்த நிலை

ஒன்றரை வருடத்தில் 31 கொடுக்கல் வாங்கல். இலாபத்தில் முடிந்தவை 12, நட்டத்தில் முடிந்தவை 19. கட்டணம் எல்லாம் கழித்து நிகர இலாபம் 1,900 ரூபா. கட்டணமாகப் போனதும் ஏறத்தாழ அதே தொகை. கணக்கில் இருந்தது 55,900: தொடங்கிய 24,000, சம்பளத்திலிருந்து சேர்த்த 30,000, சந்தை தந்த 1,900.

இந்த எண்களைப் பார்த்து ஏமாற்றமடைபவர்கள் இருப்பார்கள். 24,000 ரூபாவில் ஒன்றரை வருடத்துக்கு 1,900 என்றால் நிலையான வைப்பில் அந்தக் காலத்தில் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும், அது உண்மை. கணக்கைப் பெருக்கியது சம்பளம்தான், வியாபாரமல்ல. சிறிய கணக்கை மீளக் கட்டுவது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நான் பார்த்த அளவில், சிறிய கணக்கை வியாபாரத்தால் மட்டும் வேகமாகப் பெருக்கியதாகச் சொல்பவர்களிடம் கொப்பி இருப்பதில்லை.

எனக்கு முக்கியமாகப்பட்ட எண் வேறு. 2022 ஒக்டோபருக்குப் பிந்திய எந்த நட்டமும் 300 ரூபாவைத் தாண்டவில்லை. உச்சத்திலிருந்து கணக்கு இறங்கிய ஆகக்கூடிய இறக்கம், சேர்த்த காசை விட்டுப் பார்த்தால், 8 வீதத்துக்குள். 2024 தொடக்கத்தில் இரண்டு வீதத்துக்குப் போகலாமா என்று கேட்டார். ஒன்றரை வீதம், அதுவும் கணக்கு 10 வீதம் இறங்கினால் கேள்வியில்லாமல் பாதியாக்குவது என்று முடிவு செய்தோம்.

அடுத்த தடவை மாற்றக்கூடியவை

இதே நிலையில் இன்னொருவர் வந்தால் கடிதத்தின் கணக்கு அப்படியே இருக்கும், சில ஏற்பாடுகள் மாறும்.

31 கொடுக்கல் வாங்கல் இந்தக் கட்டணத்துக்கு அதிகம். அவற்றில் பல, 5 வீத ஏற்றத்தை எதிர்பார்த்து வாங்கியவை. போக வரக் கட்டணமே அதில் பாதியைத் தின்றுவிடும். எதிர்பார்க்கும் ஏற்றம் குறைந்தது 15 வீதமாவது இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்றும், மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றும் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம். சிறிய அளவு இழப்பைக் குறைக்கும். அடிக்கடி வாங்கி விற்பதால் போகும் காசை அது தடுக்காது, ஏனென்றால் கட்டணம் வீதத்தில்தான் போகிறது.

20 ரூபாவுக்குக் கீழே வேண்டாம் என்ற எல்லையை விலையில் வைக்காமல் படியில் வைப்பது மேல். பத்துச் சதம் என்பது விலையில் அரை வீதத்துக்கு மேல் வந்தால் வேண்டாம். 20 ரூபாவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் காரணத்தோடு சொன்னால் 19.50 பற்றி வாதாட வரமாட்டார்கள். வாங்க விற்க நிற்பவர்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். சில பங்குகள் 50 ரூபாவில் இருந்தும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஒரு ரூபா வெற்றிடம் இருக்கும். அங்கே 49 பங்கை விற்பதே அரை நாள் வேலை.

அடகை அடைக்கும் தொகையையும் வியாபாரத்துக்கு விடும் தொகையையும் வீட்டில் இருவரும் சேர்ந்து இருந்து பிரிப்பது நல்லது. இந்த நிகழ்வில் சங்கிலி அடகுக்குப் போனதே மனைவிக்கு ஏப்ரலில்தான் தெரியவந்தது. இப்போது மாத இறுதியில் கொப்பியைக் கூட்டிப் பார்ப்பவர் அவர்தான். வெளியேறும் விலை நிரல் வெறுமையாக இருந்தால் அந்த மாதத்து 2,500 ரூபாவைக் கொடுப்பதில்லை.